பதினேழாம் எண் படம்

எங்கள் பள்ளியின் ஆகஸ்ட் மாத ஓவியப் போட்டி முடிந்து பரிசு கொடுத்த மறுநாள், ஒரு பாட்டி பேத்தியின் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, பதிலைத் தயார் செய்துகொண்டே எழுந்து நின்றேன். அவர் சண்டை போடவில்லை. "இதுல இன்னா கொறைன்னு சொல்லு சார். அடுத்த வருசம் சரியா போட்டுக்கும்" என்று மட்டும் கேட்டார்.

படத்தை விரித்துப் பார்த்தேன். தலைப்பு 'எங்கள் ஊர்த் திருவிழா'. அந்தப் பெண் குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவில் அம்மனின் சிரசை, அதாவது தலையை, எடுத்து வரும் ஊர்வலத்தை வரைந்திருந்தாள். தாள் முழுக்கப் பின்னந்தலைகள். கொண்டை, வழுக்கை, துண்டு கட்டிய தலை, பூ வைத்த தலை. அவற்றுக்கு மேலே, எங்கோ தூரத்தில், கட்டை விரல் அளவுக்கு அம்மன் சிரசு. கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு குழந்தைக்கு அன்றைக்கு என்ன தெரிந்திருக்குமோ, அதுதான் படம். முந்தின நாள் இதை எப்படித் தாண்டிப் போனேன் என்று எனக்கே புரியவில்லை. பாட்டிக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "நல்லாத்தான் இருக்கும்மா, இன்னும் கொஞ்சம் பளிச்சுனு வண்ணம் கொடுத்திருக்கலாம்" என்றேன்.

நான் குடியாத்தம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர். அந்த வருடம் 52 படங்கள். கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பரப்பிவைத்தோம். நானும் இன்னும் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து, "இது நல்லா இருக்குல்ல?", "ஆமா சார், எடுத்து வைங்க" என்று பேசியே முடித்துவிட்டோம். முதல் பரிசு, போஸ்டர் கலரில் தீட்டிய ஒரு தேர். கோடு கோணவில்லை, வண்ணம் வெளியே வழியவில்லை. அதே தேரை, அதே கோணத்தில், அதே பச்சை மலையோடு, இன்னொரு பள்ளிப் போட்டியில் வேறொரு பையன் வரைந்திருந்ததைப் பின்னால் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே டிராயிங் கிளாஸ்.

அந்தப் பாட்டியின் கேள்விதான் அடுத்த வருடத்து மதிப்பீட்டு அட்டவணைக்குக் காரணம். பயிற்சிகளில் ரூப்ரிக் என்று சொல்வார்களே, அது.

முதலில் நான் போட்டது எல்லாரும் போடுகிற மாதிரிதான். கருத்து 10, வண்ணம் 10, கற்பனை 10, சுத்தம் 10, மொத்த அழகு 10. ஆக 50. பார்க்க ஒழுங்காக இருந்தது. சரி, ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்று பழைய படங்களில் ஐந்தை எடுத்து, நானும் எங்கள் தமிழம்மாவும் தனித்தனியாக மதிப்பெண் போட்டோம். ஒரே படத்துக்கு நான் 38, அவர் 24. உட்கார்ந்து பேசிப் பார்த்ததில் காரணம் பிடிபட்டது. 'வண்ணம்' என்றால் அவருக்கு வெள்ளை தெரியாமல் தாள் முழுக்கத் தீட்டுவது. எனக்கு, எங்கே எந்த வண்ணம் என்று பிள்ளை யோசித்திருக்கிறதா என்பது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களை அளந்திருக்கிறோம். தலைப்பும் எண்ணும் மட்டும் இருந்தால் அது அட்டவணை இல்லை, பழைய அபிப்பிராயத்துக்குக் கட்டம் போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

'மொத்த அழகு' இன்னும் மோசம். மற்ற நான்கிலும் கட்டுப்பட்டு நடந்துவிட்டு, கடைசியில் பிடித்த படத்தை இந்தப் பத்து மதிப்பெண்ணில் மேலே ஏற்றிவிடலாம். அதைத் தூக்கிவிட்டேன். 'சுத்தம்' என்பதையும் தூக்கினேன். அதில் ஜெயிப்பது பெரும்பாலும் நல்ல அழிப்பானும் ஸ்கெட்ச் பேனாவும் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை.

இரண்டாவது முயற்சியில் நான்கே வரிசைகள் வைத்தேன்: தலைப்பைச் சொன்ன விதம், சொந்தப் பார்வை, தாளைப் பயன்படுத்திய விதம், கோடும் வண்ணமும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. ஐந்து நிலை வைத்தால் குழப்பம் வரும் இடத்தில் எல்லாம் கை 3-க்குப் போய்விடும். நான்கில் நடு கிடையாது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவு செய்துதான் ஆக வேண்டும். முதல் இரண்டு வரிசைகளையும் இரட்டிப்பாக்கினேன். ஆக மிக அதிகம் 24, மிகக் குறைவு 6.

வேலை முழுக்க இருந்தது ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எழுத வேண்டிய வாக்கியத்தில்தான். 'சொந்தப் பார்வை' வரிசையை மட்டும் இங்கே சொல்கிறேன். 1 என்றால், எந்த ஊர்ப் பிள்ளையும் வரையக்கூடிய மாதிரிப் படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு கோபுரம். 2 என்றால், அந்த மாதிரிப் படத்துக்குள்ளேயே சொந்தமாகப் பார்த்த ஒரு விவரமாவது இருக்கிறது. 3 என்றால், அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்திருந்தால் மட்டுமே வரக்கூடிய விவரங்கள் பல இருக்கின்றன. 4 என்றால், அந்த விவரங்களே படத்தின் மையம், அவற்றை எடுத்துவிட்டால் படம் இல்லை. கவனியுங்கள், 'சிறப்பு', 'மிகச் சிறப்பு' என்ற சொற்களே இதில் இல்லை. அவற்றைப் போட்டால் மறுபடி ஆளுக்கு ஒரு அர்த்தம் வந்துவிடும். விரல் வைத்துக் காட்டக்கூடிய ஏதாவது ஒன்று அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

எழுதும்போது வயதையும் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் பிரிவு மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, அதாவது எட்டு வயது முதல் பத்து வயது வரை. குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்து எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட், ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான பருவத்தைத் தனியாகச் சொல்கிறார். அந்த வயதில் தரையை ஒரே கோடாகப் போட்டு எல்லாரையும் அதன் மேல் நிற்கவைப்பார்கள். முக்கியமானவரைப் பெரிதாக வரைவார்கள். வீட்டுச் சுவர் வழியாகவே உள்ளே இருக்கும் அடுப்பு தெரியும். அது தப்பு இல்லை, அந்த வயது அப்படித்தான் யோசிக்கும். "அம்மன் முகம் வீட்டைவிடப் பெரிசா இருக்கே, அளவு தெரியல" என்று மதிப்பெண்ணைக் குறைத்தால், எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து வயது ஆகவில்லை என்பதற்காகக் குறைக்கிறோம் என்று பொருள். அதனால் அளவு, தூரம் என்ற பேச்சே எந்த வரியிலும் வராமல் பார்த்துக்கொண்டேன். ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பிரிவுக்கு அது வரலாம்.

போட்டிக்குப் பத்து நாள் முன்பே நான்கு வரிசைகளையும் பிள்ளைகளுக்குப் புரியும்படி கரும்பலகையில் எழுதிப் போட்டோம். இதில் ஒரு கோளாறு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். "நேர்ல பார்த்த விவரங்கள் இருக்கணும்" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்ட சில பிள்ளைகள், ராட்டினம், பஞ்சு மிட்டாய், வளையல் கடை, போலீஸ், நாய் என்று தாளில் கடைத்தெருவையே அடைத்துவிட்டார்கள். எண்ணிக்கை கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த முறை "நீ நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்தது?" என்று கேள்வியாக எழுதினேன். அடைசல் குறைந்தது.

வண்ணப் பொருள் எல்லாருக்கும் ஒன்று. பள்ளியே வாங்கிய 12 வண்ண கிரேயான் பெட்டி, ஒரே மாதிரி டிராயிங் ஷீட், ஒன்றரை மணி நேரம். வீட்டிலிருந்து எதுவும் வரக் கூடாது. பெயர் தாளின் பின்னால் பென்சிலில், அதற்கு மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி மறைத்து, எண் மட்டும் வெளியே. பட்டியல் அலுவலகத்தில் இருந்தது. எழுத்தைப் பார்த்தே பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுகிற ஆசிரியர்கள் நாங்கள், அதனால் முன்பக்கம் ஒரு எழுத்துகூட வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். 'கடை' என்று பலகை வரைந்தவன் அதை வெறுமையாக விட்டுவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தான்.

மூன்று நடுவர்கள்: நான், தமிழம்மா, பணி ஓய்வு பெற்ற ஒரு ஓவிய ஆசிரியர். போட்டிப் படங்களைத் தொடுவதற்கு முன் போன வருடப் படங்கள் நான்கை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பேரும் பேசி ஒத்துக்கொண்ட மதிப்பெண்ணைப் போட்டுச் சுவரில் ஒட்டினோம். அந்தப் பாட்டியின் பேத்தி வரைந்த பின்னந்தலைகள்தான் 'சொந்தப் பார்வை 4' என்பதற்கு மாதிரி. தேர், '1'. நாற்பது நிமிடம் இதற்கே போனது. பெரியவர், "போட்டிக்கு முன்னாடியே இவ்வளவு சண்டையா?" என்று சிரித்தார். சண்டை அங்கேயே முடிந்துவிட்டதால் பிறகு எங்களுக்குள் அதிகம் வரவில்லை. நடுவில் சந்தேகம் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டோம்.

வந்தது 46 படங்கள். ஒரு படத்தை எடுத்து நான்கு வரிசைக்கும் சேர்த்து மதிப்பெண் போடவில்லை. அப்படிப் போட்டால், வண்ணம் பிரமாதமாக இருக்கிற படத்துக்குக் கருத்தும் பிரமாதமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். 46 படங்களுக்கும் 'தலைப்பு' வரிசையை மட்டும் முதலில் போட்டோம். அப்புறம் கட்டைக் கலைத்து, 'சொந்தப் பார்வை' மட்டும். ஒரு படத்துக்கு இருபது நொடி வைத்தால் ஒரு வரிசைக்குக் கால் மணி நேரம், ஆக ஒரு மணி நேரம். கலைப்பது எதற்கு என்றால், முதலில் வரும் படங்களுக்கு எல்லாரும் கையை இறுக்கிப் பிடிப்போம், போகப் போகக் கை தளரும். ஒரு வரிசை முடிந்ததும் முதல் ஐந்தை மறுபடி பார்த்தேன். 'தலைப்பு' வரிசையில் அந்த ஐந்தில் இரண்டுக்கு ஒரு எண் குறைத்துப் போட்டிருந்தேன். திருத்தினேன்.

மூவர் போட்ட மொத்தங்களில் மிக அதிகமானதற்கும் மிகக் குறைவானதற்கும் 5-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் படத்தை மட்டும் உட்கார்ந்து பேசுவது என்று முன்பே முடிவு. அப்படி வந்தவற்றில் ஒன்று பதினேழாம் எண்.

படத்தில் ஆள் யாரும் இல்லை. விடிந்தும் விடியாத தெரு. ஒரு மூலையில் துடைப்பம் சாய்ந்திருக்கிறது. தெரு முழுக்கத் தேங்காய்ச் சில்லுகள், நசுங்கிய எலுமிச்சை, உதிர்ந்த சாமந்தி, ஜோடி இல்லாத செருப்புகள், வெடித்த பலூன் ஒன்று. நான் 20 போட்டிருந்தேன், பெரியவர் 17, தமிழம்மா 14. வரிசை வரிசையாகப் பார்த்தோம். சொந்தப் பார்வைக்கு மூவருமே 4. வண்ணத்துக்கு மூவருமே 2. தாளுக்கு நாங்கள் இருவர் 2, பெரியவர் 3. ஆக, பிரச்சினை முழுக்க 'தலைப்பு' வரிசையில். நான் 4, பெரியவர் 2, தமிழம்மா 1. அது இரட்டிப்பாகும் வரிசை வேறு.

வரிசையாகப் பிரித்ததன் பயன் அங்கேதான் தெரிந்தது. 20-க்கும் 14-க்கும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடலாம், தீராது. ஒரே ஒரு வாக்கியத்துக்குள் சண்டை வந்துவிட்டால் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம். அந்த வரிசையில் 4-க்கு எதிரே எழுதியிருந்தது: 'எந்த விழா, அங்கே என்ன நடக்கிறது என்பது கேட்காமலே தெரிகிறது.' தமிழம்மா சொன்னார், "சார், நீங்க எழுதினதைத்தான் நான் பார்த்தேன். இதுல எதுவும் நடக்கலயே, எல்லாம் நடந்து முடிஞ்சிருச்சே. எந்த விழான்னும் எனக்குத் தெரியல." அவர் வந்தவாசிப் பக்கம். குடியாத்தத்தில் சிரசு பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் சத்துணவு சமைக்கும் அக்கா டீ கொண்டுவந்தார். எதுவும் சொல்லாமல் படத்தை அவரிடம் நீட்டி, "இது என்னக்கா?" என்று கேட்டோம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சிரசு முடிஞ்ச மறுநாள் தெரு. இவ்ளோ தேங்கா வேற எதுக்கு ஒடைப்பாங்க?"

ஆக 'எந்த விழா' என்பது உள்ளூர்க்காரருக்குக் கேட்காமலே தெரிகிறது. தலைப்பே 'எங்கள் ஊர்' என்றுதானே இருக்கிறது. 'என்ன நடக்கிறது' என்ற பாதி மட்டும் வாக்கியப்படி இல்லை. 3 என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். எனக்கு 18, தமிழம்மாவுக்கு 18, பெரியவருக்கு 19. வாக்கியத்தையே திருத்தி 4 போட்டுவிடலாமே என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. கரும்பலகையில் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, நடப்பதை வரைந்த 45 பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் திருத்தவில்லை.

கடைசிச் சிக்கல் கூட்டலில் வந்தது. என் மதிப்பெண்கள் 7-லிருந்து 23 வரை பரந்து கிடந்தன. தமிழம்மாவுடையவை 12-லிருந்து 19-க்குள் அடங்கிவிட்டன. இப்படி இருக்கும்போது மூன்றையும் நேராகக் கூட்டினால், மதிப்பெண்ணை நீட்டிப் போடுகிறவர் வைத்ததுதான் சட்டம். மேலே வந்த மூன்று படங்களில் ஒன்று பதினேழு. மற்ற இரண்டையும் பாருங்கள். எட்டாம் எண், எருது விடும் விழா. தடுப்புக் கட்டைக்கு மேலே தொங்கும் கால்கள், நேரம் குறிக்கும் ஆள், நடுவில் பறக்கும் காளை. எனக்கு மிகவும் பிடித்துப்போய் 23 போட்டிருந்தேன். தமிழம்மா 17, பெரியவர் 19. பேசிப் பார்த்தும் யாரும் மாறவில்லை. கூட்டினால் 59. முப்பத்தொன்றாம் எண், ஆடி மாதம் கூழ் ஊற்றுவது. பெரிய அண்டாவை நோக்கி நீளும் கைகள், ஒவ்வொரு கையிலும் வேறு வேறு பாத்திரம். அதற்கு நான் 19, தமிழம்மா 19, பெரியவர் 20. கூட்டினால் 58.

கூட்டல்படி எட்டுதான் முதல். ஆனால் மூவரில் இருவர் கூழ் படத்தைத்தான் மேலே வைத்திருக்கிறார்கள். என் ஒருவனுடைய உற்சாகம் அவர்கள் இருவரையும் தோற்கடித்துவிட்டது. அதனால் மேலே வந்த படங்களுக்கு மட்டும், அவரவர் மதிப்பெண்ணை முதலிடம், இரண்டாமிடம் என்று அவரவர் கொடுத்த இடமாக மாற்றி, அந்த இட எண்களைக் கூட்டினோம். குறைவாக வருவது முதலிடம். முப்பத்தொன்றுக்கு என்னிடம் 2, மற்ற இருவரிடமும் 1, ஆக 4. எட்டுக்கு என்னிடம் 1, தமிழம்மாவிடம் 3. பெரியவர் எட்டுக்கும் பதினேழுக்கும் ஒரே 19 போட்டிருந்ததால் இரண்டாம், மூன்றாம் இடத்தைப் பங்கு போட்டு ஆளுக்கு 2.5. ஆக 6.5. பதினேழுக்கு 3, 2, 2.5, ஆக 7.5.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. நடுவர் ஒருவர் நியாயமாகவே ஒரு படத்தை வெகுதூரம் மேலே வைத்திருந்தாலும், அந்தத் தூரம் கணக்கில் வராது. 46 படங்களுக்கும் இதைச் செய்தால் ஒரே மதிப்பெண் வாங்கியவர்கள் கொத்துக் கொத்தாக வந்து குழப்பிவிடுவார்கள். மேலே உள்ள ஏழெட்டுப் படங்களுக்குத்தான் சரிப்படும். முக்கியமாக, எந்த முறையில் கூட்டப்போகிறோம் என்பதைப் படங்களைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. கூட்டிப் பார்த்த பிறகுதான் மாற்றினோம். எனக்குப் பிடித்த படம் கீழே போனதால் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, அவ்வளவுதான். அது மேலே போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

கூழ் முதல், காளை இரண்டு, பதினேழு மூன்று. அன்றைக்குக் கூடத்தில் இருந்ததில் சிறந்த படம் பதினேழுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பரிசு கிடைக்காத பிள்ளைகளுக்கும் நான்கு எண்களும், அவற்றுக்கு நேரான வாக்கியங்களும் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்தோம். 46 சீட்டு எழுதக் கை வலித்தது. மறுநாள் பாட்டி மறுபடி வந்தார், இந்த முறை பேத்தியோடு. இந்த வருடமும் பரிசு இல்லை. பாட்டி சீட்டை மடித்து இடுப்பில் செருகியிருந்தார். "இப்போ கொறை இன்னான்னு தெரிஞ்சுப்போச்சு சார்" என்றார். தாளைப் பயன்படுத்திய விதம், 1. எதிரே நான் எழுதியிருந்தது: 'படம் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறது, மீதித் தாள் சும்மா விடப்பட்டிருக்கிறது.'

பேத்தி வாயைத் திறந்தாள். "சார், நான் ஓரமாத்தான் நின்னேன். கரும்பலகையில நீங்க எழுதின மாதிரி, நேர்ல பார்த்ததைத்தான் போட்டேன்."





படத்தை வாங்கி மறுபடி பார்த்தேன். வலது ஓரத்தில் நெருக்கியடித்து நாலைந்து பேர். இடது பக்கம் முழுக்க வெறும் தெரு, சாமி இன்னும் வரவில்லை. அவர்கள் போன பிறகு அட்டவணையை எடுத்து, அந்த வாக்கியத்தில் 'சும்மா' என்ற சொல்லைப் பென்சிலால் சுழித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.